பப்பாளிக் கன்றில் அடி இலை மஞ்சள்: யூரியாவா, எப்சம் உப்பா?

மொட்டைமாடிக்காரி (திருச்சி)

வணக்கம். மாடியில் க்ரோ பேக்கில் ஆறு பப்பாளிக் கன்றுகள் வைத்திருக்கிறேன். ரெட் லேடி விதை, எல்லாம் ஒரே நாளில் போட்டவை. இப்போது முழங்கால் உயரம். மண் கலவையில் பாதி கோகோபீட், மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். மாவுப்பூச்சிக்கும் எறும்புக்கும் பயந்து வாரம் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவி வருகிறேன்.

நான்கு கன்றுகளில் அடி இலைகள் மட்டும் மஞ்சளாகின்றன, மேலே நன்றாகவே இருக்கிறது. மற்ற இரண்டும் மொத்தமாக வெளிறி, வளர்ச்சியும் நின்று போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமா யூரியா போடச் சொல்கிறார். உரக்கடையில் கேட்டால் எப்சம் உப்புப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் கலந்து கொடுத்துவிடலாமா?

கொள்ளிடக்கரை விவசாயி

எதற்கம்மா இவ்வளவு குழப்பம்? அடி இலை மஞ்சள் என்றால் தழைச்சத்துப் பற்றாக்குறை. கோகோபீட்டில் சத்து ஒன்றும் கிடையாது, தினமும் தண்ணீர் ஊற்ற ஊற்ற இருக்கிற கொஞ்சமும் கழுவிக்கொண்டு போய்விடும். லிட்டருக்கு ஐந்து கிராம் யூரியா கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். முப்பது வருடமாக வாழைக்கும் பப்பாளிக்கும் இதைத்தான் செய்கிறேன்.

பச்சைக்கை

யூரியா எல்லாம் அப்புறம். முதலில் இது வைரஸா என்று பாருங்கள். எங்கள் ஊரில் இப்படி மஞ்சளாக ஆரம்பித்துத்தான் ஒரு தோட்டமே போனது. பிடுங்கி எரித்துவிடுவது நல்லது, மற்ற கன்றுகளாவது பிழைக்கும்.

நாற்றங்கால்

எதையும் பிடுங்க வேண்டாம். வளையப்புள்ளி வைரஸ் என்றால் கோளாறு கொழுந்தில் தெரியும். இளம் இலையில் திட்டுத்திட்டாகப் பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும், இலை சுருங்கிக் குறுகும், காம்பிலும் தண்டிலும் எண்ணெய் பட்டது போன்ற கோடுகள் இருக்கும். இவர் மேல் இலைகள் நன்றாக இருக்கின்றன என்கிறார்.

மொட்டைமாடிக்காரி, மருந்து எதுவும் வாங்குவதற்கு முன் காலை வெயிலில் ஒரு வேலை செய்யுங்கள். முழுக்க மஞ்சளாகிப்போன கடைசி இலையை விட்டுவிடுங்கள். முற்றிப்போன நிலையில் எந்தக் குறைபாடும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்கு மேலே, இப்போதுதான் நிறம் மாறத் தொடங்கிய இலையைப் பிடித்துச் சூரியனுக்கு எதிராக, அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். நரம்பு என்ன நிறம், நரம்புகளுக்கு நடுவில் என்ன நிறம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நான்கு கன்றுக்கும் இரண்டு கன்றுக்கும் வேறு வேறு பதில் வந்தாலும் வரலாம். பைக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

மொட்டைமாடிக்காரி

பார்த்துவிட்டேன். அந்த நான்கில் நடு நரம்பு, அதிலிருந்து விரல் விரலாகப் பிரியும் நரம்புகள், அவற்றின் கிளைகள்கூட நல்ல பச்சையாக இருக்கின்றன. நரம்பை ஒட்டி இரண்டு பக்கமும் மெல்லிய பச்சைக் கரை ஓடுகிறது. இடையில் உள்ள சதைப்பகுதிதான் மஞ்சள், மீன் முள்ளை வரைந்து வைத்த மாதிரி. ஓரத்தில் ஓரிரு இடம் காய்ந்து பழுப்பாகவும் இருக்கிறது.

வெளிறிய இரண்டிலும் அப்படி எந்தக் கோலமும் இல்லை. நரம்பும் சதையும் ஒரே வெளிர் மஞ்சள். அடி இலை அதிகம், மேலே போகப் போகக் குறைவு, ஆனால் கொழுந்துகூட எலுமிச்சைப் பச்சைதான். காம்புகள் குட்டையாக, ஒல்லியாக இருக்கின்றன. மாடி ஒழுகக் கூடாது என்று எல்லாப் பைக்கும் தட்டு வைத்திருக்கிறேன்.

நாற்றங்கால்

நல்ல வேளை, கலந்து கொடுக்கவில்லை. உங்களிடம் இருப்பது இரண்டு வேறு பிரச்சினைகள். யூரியா கொடுப்பது தழைச்சத்து, எப்சம் உப்பு கொடுப்பது மெக்னீசியம்.

தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடிய சத்துகள். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் இரண்டிலும் அடி இலை முதலில் மஞ்சளாகிறது. கொள்ளிடக்கரை ஐயா சொன்னதில் அந்த வரை தப்பில்லை. ஆனால் தழைச்சத்துக் குறைந்தால் இலை முழுக்கப் புரதம் கரைந்து எடுக்கப்படுவதால் நரம்பு, சதை எல்லாம் ஒரே சீராக வெளுக்கும், செடியே குறுகிவிடும். மெக்னீசியம் குறைந்தால் நரம்பை ஒட்டிய பகுதி கடைசி வரை பச்சையாக நிற்கும், நடுவில் இருப்பது மட்டும் வெளுக்கும். வளர்ச்சி அவ்வளவு சீக்கிரம் நிற்காது. உங்கள் நான்கு கன்றுகளும் வளர்ந்துகொண்டே மஞ்சளாவதைக் கவனியுங்கள்.

இதே நரம்புப் பச்சை கோலம் கொழுந்தில் தெரிந்தால் அது மெக்னீசியம் இல்லை, பெரும்பாலும் இரும்பு. காரத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் அது அடிக்கடி வரும்.

நான்கு கன்றுக்கு நான் சந்தேகப்படுவது சாம்பலைத்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் ஏராளம். இவை இரண்டும் வேர் வாசலில் மெக்னீசியத்தோடு போட்டி போடும். கழுவாத கோகோபீட்டிலும் பொட்டாசியம் அதிகம். மண்ணில் மெக்னீசியம் இருந்தும் செடிக்குள் போகாமல் நிற்பது இப்படித்தான். சாம்பலை நிறுத்துங்கள். லிட்டருக்குப் பத்து கிராம் என்பது பெரிய செடிக்கான அளவு. கன்றுக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் எப்சம் உப்பில் தொடங்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. ஆனால் நான்கில் இரண்டுக்கு மட்டும் தெளியுங்கள், மற்ற இரண்டைச் சும்மா விடுங்கள். எப்சம் உப்பு வேலை செய்ததா என்று அப்போதுதான் தெரியும்.

வெளிறிய இரண்டுக்கும் யூரியா போடும் முன் தட்டை எடுத்துவிட்டு, பையின் ஓரத்தைக் கொஞ்சம் தோண்டி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, கடினமாக இருந்தால் யூரியா கொடுக்கலாம். பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் பிரச்சினை தண்ணீர். பப்பாளி வேர் ஓரிரு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கும். அழுகிய வேர் தழைச்சத்தை எடுக்காது, அதனால் செடி தழைச்சத்துப் பற்றாக்குறை வந்தது போலவே வெளுக்கும். இலையை மட்டும் பார்த்து அதைப் பிரிக்க முடியாது.

தேனி_வாழை

அண்ணா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் வாழை. ஜி9 திசு வளர்ப்புக் கன்று. அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி உள்ளே வருகிறது, நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சைப் பட்டை நிற்கிறது. நரம்புக்கு நடுவில் மஞ்சள் என்று நீங்கள் சொல்வது போல் இல்லை. காம்பில் ஊதா நிறத் திட்டுகள் இருக்கின்றன. நுண்ணூட்டக் கலவை இரண்டு முறை அடித்தும் மாற்றம் இல்லை. இது தழைச்சத்தா?

நாற்றங்கால்

வாழையில் கோலம் வேறு தம்பி. பப்பாளியில் வலை மாதிரி பின்னிய நரம்பு, வாழையில் நடு நரம்பிலிருந்து ஓரம் நோக்கி இணையாக ஓடும் நரம்பு. அதனால் வாழையில் மெக்னீசியம் குறைந்தால் ஓரம் மஞ்சள், நடுவில் பச்சைப் பட்டை என்றுதான் தெரியும். காம்பில் ஊதாத் திட்டும் அதற்கே பொருந்துகிறது. தழைச்சத்துக் குறைந்த வாழையில் இலை முழுவதும் ஒரே வெளிர் பச்சை, காம்பு இளஞ்சிவப்பு, புது இலை வருவதும் தாமதம்.

கலவைப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். துத்தநாகம், போரான், இரும்பு எல்லாம் இருக்கும், மெக்னீசியம் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். வாழைக்குப் பொட்டாஷ் அள்ளிப் போடுகிறோம். பல்கலைக்கழகப் பரிந்துரையே ஒரு மரத்துக்கு வருடம் 330 கிராம் சாம்பல் சத்து. நீங்கள் அதற்கு மேலும் போட்டிருந்தால் மெக்னீசியம் அடிபடும்.

இன்னொன்று. மஞ்சளான அடி இலை காம்பிலேயே மடிந்து தொங்கத் தொடங்கினால் உரத்தை மறந்துவிட்டு ஒரு கன்றின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடு இருந்தால் வாடல் நோய். அதற்கு எப்சம் உப்பு உதவாது.

கொள்ளிடக்கரை விவசாயி

எப்சம் உப்பு, எப்சம் உப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் போன வருடம் பப்பாளிக்கு வேரில் ஒரு கிலோவுக்கு மேல் போட்டேன், ஒரு இலைகூடத் திரும்பவில்லை. யூரியாதான் கண்ணுக்குத் தெரிய வேலை செய்கிறது.

நாற்றங்கால்

ஐயா, யூரியா கண்ணுக்குத் தெரிய வேலை செய்யும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் கன்றுக்கு உண்மையில் மெக்னீசியம்தான் குறைவா, பொட்டாஷ் எவ்வளவு போட்டீர்கள் என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. பொட்டாஷ் அதிகமுள்ள மண்ணில் வேரில் போடுவதைவிட இலையில் தெளிப்பது சீக்கிரம் காட்டும். முழுக்க மஞ்சளான இலை எதைப் போட்டாலும் திரும்பாது. அடுத்து வரும் இலைகளில் அந்தக் கோலம் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் எல்லோருக்கும்: யூரியா, மண்புழு உரம் போட்ட அன்று அதன் மேல் சாம்பல் தூவாதீர்கள். சாம்பலின் காரத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மொட்டைமாடிக்காரியின் வெளிறிய கன்றுகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

மொட்டைமாடிக்காரி

தெளித்து முடித்துச் சில வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

வெளிறிய இரண்டில் ஒன்றின் வேர் வெள்ளை. லிட்டருக்கு ஐந்து கிராம் யூரியா தெளித்தேன். கொழுந்து ஒரு வாரத்தில் கரும்பச்சையாகி இலை அகலமாக வருகிறது. கொள்ளிடக்கரை ஐயாவுக்கு நன்றி. இன்னொன்றில் தோண்டியதும் அழுகல் வாடை, வேர் தொட்டால் தோல் உரிந்து வருகிறது. தட்டை எடுத்துத் துளையைப் பெரிதாக்கினேன், ஆனாலும் துவண்டுதான் நிற்கிறது, பிழைக்குமா தெரியவில்லை.

எப்சம் உப்பு தெளித்த இரண்டிலும் பழைய மஞ்சள் இலைகள் அப்படியேதான் இருக்கின்றன, ஒன்றிரண்டு உதிர்ந்தும் விட்டன. ஆனால் அதற்கு மேல் இலைகளில் மஞ்சள் ஏறவில்லை. தெளிக்காத இரண்டில் ஒன்றில் மேலே ஏறியது. இன்னொன்றில் தெளிக்காமலேயே நின்றுவிட்டது! சாம்பலை நிறுத்தியதாலா?

நாற்றங்கால்

இருக்கலாம். நான்கு கன்றை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மஞ்சள் ஏறிய கன்றுக்கு இப்போது தெளியுங்கள், நின்றுபோனதைத் தொடாதீர்கள். பெரிய பைக்கு மாற்றும்போது கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கலக்கவும். துவண்டதுக்கு உரமே வேண்டாம், மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

பச்சைக்கை

அப்போ எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் என்னதான் செய்வது?

மொட்டைமாடிக்காரி

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். சாம்பலை நிறுத்தியதிலிருந்து எறும்பு வரிசை கட்டி ஏறுகிறது. வேப்பெண்ணெய் தெளித்தால் இந்த இளம் இலை தாங்குமா?

கொள்ளிடக்கரை விவசாயி

தாங்கும். லிட்டருக்கு மூன்று மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். எப்சம் உப்பு தெளித்த அன்று மட்டும் வேண்டாம்.