இசட் வரைபடத்தில் நான் இடறிய இடம்

கயல்: தாவரவியல் இளநிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் போகும் வழியைக் காட்டும் இசட் வரைபடத்தைக் கேட்டிருந்தார்கள். நீர், பி680, பியோஃபைட்டின், பிளாஸ்டோகுயினோன், சைட்டோகுரோம் பி6எஃப், பிளாஸ்டோசயனின், பி700, ஃபெரிடாக்சின், என்ஏடிபி என்று வரிசை பிசகாமல் எழுதினேன். மின்னழுத்தத்தைக் குறிக்கும் செங்குத்து அச்சில் மட்டும் கூட்டல் குறியை மேலே போட்டுவிட்டேன். பாதி மதிப்பெண் போயிற்று. எண் கூடினால் மேலேதானே போக வேண்டும் என்று அன்று அழுதேன். பிறகு நீரை +0.82 வோல்ட்டிலும் என்ஏடிபியை −0.32 வோல்ட்டிலும் குறித்துப் பார்த்தேன். என் படத்தில் எலக்ட்ரான் நீரிலிருந்து தானாகவே வழிந்து என்ஏடிபியைச் சேர்ந்துவிடுகிறது. ஒளிக்கு வேலையே இல்லை! உங்களுக்கு எங்கே இடறியது?

மாறன்: இரண்டாம் ஒளி அமைப்பு வேலையை முடித்த பிறகுதான் முதலாவது விழித்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டேன். அம்புகள் அப்படித்தானே போகின்றன? நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க முதலாம் அமைப்பின் பி700-ஆல் முடியாது, அதற்கு இரண்டாம் அமைப்பின் பி680 வேண்டும் என்பது மட்டும் உறுதி.

தாமரை: கடைசி வரி சரி. எலக்ட்ரானை இழந்த பி680 ஏறத்தாழ +1.2 வோல்ட், படத்தில் நீருக்கும் கீழே. பி700 ஏறத்தாழ +0.5-இலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அம்புகள் நேர வரிசையைக் காட்டுவதில்லை. இரண்டு அமைப்புகளும் ஒரே வெயிலில் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. 1961-இல் டச்சு ஆய்வாளர் டுயிசன்ஸ் குழுவினர் ஒரு சிவப்புப் பாசியின்மேல் 680 நானோமீட்டர் ஒளியை மட்டும் செலுத்தினார்கள். சைட்டோகுரோம் எலக்ட்ரானை இழந்தது. முதலாம் அமைப்பு தன்போக்கில் இழுத்துக்கொண்டது. கூடவே 562 நானோமீட்டர் பச்சை ஒளியைச் சேர்த்ததும் இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஓர் ஒளி காலி செய்கிறது, மற்றொன்று நிரப்புகிறது. சைட்டோகுரோமை நடுவில் வரைவதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

செல்வம்: எங்கள் கரும்புத் தோட்டத்தில் களைக்கு டையூரான் அடித்தோம். மேகமூட்டமான வாரம் முழுக்கக் களை பச்சையாகவே நின்றது, வெயில் வந்ததும் கருகியது. அளவைக் கூட்ட வேண்டுமா?

தாமரை: அளவை வேளாண் அலுவலரிடம் கேளுங்கள் ஐயா. நீங்கள் பார்த்தது இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. பிளாஸ்டோகுயினோன் வந்து அமரும் இடத்தை டையூரான் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் முட்டி நிற்கிறது. பச்சையம் உறிஞ்சிய ஒளிக்குப் போக்கிடம் இல்லாமல் வீரியமிக்க ஆக்சிஜன் உருவாகி இலையைச் சிதைக்கிறது. ஒளி குறைந்தால் சிதைவும் மெதுவாகும். அந்தப் பாசியிலும் டையூரான் இருந்தபோது பச்சை ஒளியால் சைட்டோகுரோமை நிரப்ப முடியவில்லை.

கயல்: பிளாஸ்டோகுயினோன் இரண்டு எலக்ட்ரான்களைச் சுமந்து வருகிறது. பிளாஸ்டோசயனின் ஒன்றைத்தான் ஏற்கிறது. மற்றதை எங்கே வரைவது?

தாமரை: அது பி6எஃப்-க்குள்ளேயே சைட்டோகுரோம் பி வழியாகத் திரும்பி, வேறொரு பிளாஸ்டோகுயினோனைச் சேர்கிறது. இசட்டில் அதற்கு இடமில்லை. நான் பக்கத்தில் சிறு வளையம் போடுகிறேன். என் உடன் பணிபுரிபவர் அது படத்தைக் குழப்புகிறது என்கிறார்.

மாறன்: தேர்வில் வளையம் போட்டால் மதிப்பெண் தருவார்களா?