கடைசி விக்கெட், நான்-ஸ்ட்ரைக்கர் ரன் அவுட்: மேட்ச் முடிந்ததும் பசங்களோடு எப்படிப் பேசுவது?

நந்தனம் கோச்
14 வயசுக்குட்பட்ட டீம், 25 ஓவர் மேட்ச், லெதர் பால். எதிர் டீமுக்கு 4 ரன் வேணும், கையில ஒரே விக்கெட். நம்ம பவுலர் ஓடி வந்தவன் பாலைப் போடாம, கிரீஸை விட்டு வெளியே போயிட்ட நான்-ஸ்ட்ரைக்கரோட பெயில்ஸைத் தட்டிட்டான். அம்பயர் அவுட் கொடுத்தார். அந்தப் பையன் அழுதுக்கிட்டே போனான். நம்ம பசங்கள்ல பாதிப் பேர் குதிச்சாங்க, பாதிப் பேர் தரையைப் பார்த்தாங்க. உட்கார வெச்சு "செஞ்சது சரியா?"ன்னு கேட்டா "ஸாரி சார்" தவிர வேற ஒண்ணும் வரல. இதே மாதிரி சந்தர்ப்பத்தைக் கையாண்டவங்க எப்படிப் பேசினீங்கன்னு சொல்லுங்க.

மேற்கு மாம்பலம் வாசி
அம்பயர் பண்ணதுதான் தப்பு. நியாயமற்ற ஆட்டம்னு 41ஆவது விதியில வரும். ஒரு தடவை எச்சரிச்சுட்டு, அடுத்த தடவைதான் அவுட் கேட்கலாம். அதைச் சொல்லிட்டா பசங்களுக்குப் புரிஞ்சுடும்.

பெரம்பூர் பி.டி. ஆசிரியர்
41ஆவது விதியில இருந்தது உண்மைதான் சார். 2022 அக்டோபர்ல அதை எடுத்து, சாதாரண ரன் அவுட் வர்ற 38ஆவது விதியில சேர்த்துட்டாங்க. முன்னாடி எச்சரிக்கணும்னு விதி எப்பவுமே சொன்னதில்லை, அது வழக்கம் மட்டும்தான். பவுலர் வழக்கமா பாலை விடுற அந்தக் கணம் வரைக்கும் நான்-ஸ்ட்ரைக்கர் உள்ளேதான் இருக்கணும். அதனால அம்பயர் கொடுத்தது சரி.

கோச் சார், பேச ஆரம்பிக்கும்போது முதல் நிமிஷத்துலயே இதைச் சொல்லி முடிச்சுடுங்க. விதி என்னன்னு தெரியாம உட்கார்ந்தா அவுட்டா இல்லையான்னு வாதாடியே நேரம் போயிடும். அப்புறம் இன்னொரு விதியையும் சொல்லுங்க, 31.8. அம்பயர் சம்மதிச்சா ஃபீல்டிங் கேப்டன் அப்பீலைத் திரும்பப் பெறலாம். அதுவே கடைசி விக்கெட்டா இருந்தா, அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போறதுக்குள்ள கேட்கணும். ஆக, நம்ம கேப்டனுக்கு அன்னிக்கு ரெண்டு வழி இருந்தது, ரெண்டுமே விதிப்படி சரி. பசங்க பேச வேண்டிய இடம் அதுதான்.

உங்க கேள்விக்கு "ஸாரி"தான் பதிலா வரும். "சரியா?"ன்னு கோச் கேட்டாலே "தப்பு"ன்னு பையன் காதுல விழும். பார்த்ததை மட்டும் கேளுங்க. "பெயில்ஸ் விழும்போது அவன் கால் எங்க இருந்தது? பேட் எங்க இருந்தது?" இதுக்கு எல்லாருமே பதில் சொல்லுவாங்க. ஒருத்தன் ஒரு அடி வெளியேம்பான், இன்னொருத்தன் மூணு அடிம்பான். விடுங்க, திருத்த வேண்டாம். ஒரே விஷயத்தை ரெண்டு பேர் வேற வேற மாதிரி பார்த்திருக்காங்கன்னு அவங்களுக்கே அங்க தெரிஞ்சுடும்.

அடுத்து, "அவன் ரன் திருட வெளியே போனானா, பழக்கத்துல நகர்ந்தானா? எதை வெச்சுச் சொல்ற?" இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க. ஓவர் முழுக்க அப்படித்தான் போனான்னு ஒருத்தன் சொல்லுவான். அந்த ஒரு பால்தான்னு இன்னொருத்தன் சொல்லுவான். எதிராளியோட மனசுல என்ன ஓடியிருக்கும்னு அவங்களே தேட ஆரம்பிக்கிறது இங்கதான். கடைசியா, "அடுத்த மேட்ச்ல இதே நிலைமை வந்தா நம்ம டீம் என்ன செய்யும்?" ஒரே வரி, அவங்க வார்த்தையில.

முகப்பேர் செஸ் அம்மா
என் பொண்ணு செஸ் ஆடறா, தோத்தா ரெண்டு நாள் பேசமாட்டா. அவளுக்கும் இது உதவுமா? செஸ்ல ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட்டுட்டு, நிறைய பேர் எதிராளியோடவே வெளியே உட்கார்ந்து காய்களை மறுபடி வெச்சுப் பார்ப்பாங்க. எங்க தப்புன்னு ஜெயிச்சவங்களே சொல்லித் தருவாங்க. கிரிக்கெட்ல ஏன் அது இல்லை?

பெரம்பூர் பி.டி. ஆசிரியர்
மேடம், தோல்வியைத் தாங்குறது வேற விஷயம், அதுக்குத் தனியாப் பேசணும். ஆனா எதிராளியோட உட்கார்றது நல்ல யோசனை. 14 பேரும் 14 பேரும் சேர்ந்தா சந்தையாயிடும். ரெண்டு கேப்டன், அந்த பவுலர், அந்த பேட்ஸ்மேன், இந்த நாலு பேர் மட்டும் அஞ்சு நிமிஷம் உட்காரலாம். அன்னிக்கே வேண்டாம், அழுத பையன் அன்னிக்குப் பேசமாட்டான்.

ராயபுரம் பெண்கள் அணி
பேச்சை விட உட்கார வைக்கிற விதத்துலதான் பெரும்பாலும் கெட்டுப்போகுது. கை கொடுத்துட்டு வந்த உடனே ஆரம்பிக்கக் கூடாது. பேடைக் கழட்டி, தண்ணி குடிச்சு, நிழலுக்கு வர பத்து நிமிஷம் விடணும். பதினொன்றரை மணி வெயில்ல நடு மைதானத்துல நிக்க வெச்சுக் கேட்டா, சீக்கிரம் விட்டா போதும்னு எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லிடுவாங்க. கோச்சும் தரையிலதான் உட்காரணும். அப்பா அம்மாக்கள் காது கேட்காத தூரத்துல. மொத்தம் 12 நிமிஷம், வேன் காத்திருந்தாலும் இல்லாட்டியும்.

முதல்ல ஆளுக்கொரு துண்டுக் காகிதம், பேர் போடாம ரெண்டு வரி. அது இல்லைன்னா சத்தமாப் பேசுற ரெண்டு பேர் சொன்னதுதான் டீமோட கருத்தாயிடும். கேப்டன் கடைசியாத்தான் பேசணும். துண்டுச் சீட்டைக் கோச் படிக்கும்போது யார் கையெழுத்துன்னு முகத்துல காட்டிடக் கூடாது, ஒரு தடவை காட்டினா அடுத்த வாரம் எல்லாச் சீட்டும் வெறுமையா வரும்.

கொளத்தூர் அப்பா
எனக்கு இதுல உடன்பாடே இல்லை. வெளியே போனது அந்தப் பையன், திருட்டு ரன் எடுக்கப் பார்த்தது அவன். கவனமா இருந்த நம்ம பவுலரைக் குற்றவாளி மாதிரி உட்கார வைப்பீங்களா? அஸ்வின் 2019ல ஜெய்ப்பூர்ல பட்லரை இப்படித்தானே அவுட்டாக்கினார்? இன்னிக்கு வரைக்கும் அவர் அதுக்கு வருத்தப்படலையே.

பெரம்பூர் பி.டி. ஆசிரியர்
நீங்க சொல்றது வட்டத்துல யாராவது ஒருத்தன் வாயில வரணும் சார். வரலைன்னா கோச் எதிர்பார்க்கிறதைத்தான் பசங்க ஒப்பிக்கிறாங்கன்னு அர்த்தம். ஒரு நிமிஷத்துல எல்லாரும் ஒத்துப்போனாலும், பதில் சொல்லும்போது கூட்டாளியைப் பார்க்காம கோச்சையே பார்த்தாலும், அதே அடையாளம்தான்.

அஸ்வினையே வெச்சுப் பேசலாம். 2012ல பிரிஸ்பேன்ல இலங்கையோட திரிமன்னேவை இதே மாதிரி அவுட்டாக்கினார். அன்னிக்குக் கேப்டனா இருந்த சேவாக் அப்பீலைத் திரும்பப் பெற்றார். ஏழு வருஷம் கழிச்சு பட்லர் விஷயத்துல அஸ்வினே கேப்டன், திரும்பப் பெறலை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, எது சரின்னு நீங்க சொல்லாம இருங்க. 1999ல சேப்பாக்கத்துல பாகிஸ்தான் 12 ரன்ல ஜெயிச்சப்போ மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கைதட்டினதையும் சிலர் இங்க கொண்டு வருவாங்க. நல்ல சம்பவம்தான், ஆனா அது தோத்த பக்கம் கொடுத்த மரியாதை. உங்க பசங்க ஜெயிச்ச பக்கம். அதைக் கலந்தா பேச்சு திசை மாறிடும்.

பவுலரைப் பத்தி: வட்டத்துக்கு முன்னாடியே அவனைத் தனியாக் கூப்பிட்டு, "உன் பேரைச் சொல்லாமப் பேசப் போறோம், நீ செஞ்சது விதிப்படி அவுட்"ன்னு சொல்லிடுங்க. வட்டத்துல அவனை நடுவுல உட்கார வைக்காதீங்க. கேள்வி எல்லாம் கேப்டனோட முடிவைப் பத்தித்தான் இருக்கணும்.

நந்தனம் கோச்
துண்டுச் சீட்டோட இந்த வாரம் முயற்சி பண்றேன். வேலை செஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ராயபுரம் பெண்கள் அணி
பேச்சை வெச்சு அளக்காதீங்க. ஸ்கோரர்கிட்ட சொல்லி, நம்ம டீம் அப்பீல் பண்ற ஒவ்வொரு தடவையும் நோட்டு ஓரத்துல ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்க. பேட்ல படலைன்னு தெரிஞ்சும் கத்துறது குறைஞ்சா நாலஞ்சு மேட்ச்ல அதுலயே தெரியும். பசங்களுக்கு இந்தக் கணக்கு தெரியக் கூடாது, தெரிஞ்சா நியாயமா அப்பீல் பண்ண வேண்டிய இடத்துலயும் வாயை மூடிக்குவாங்க.

மேற்கு மாம்பலம் வாசி
விதி மாறினது எனக்குத் தெரியாது, நன்றி. அப்போ டீமுக்குள்ள "முதல்ல ஒரு எச்சரிக்கை"ன்னு நாமளே ஒரு வழக்கம் வெச்சுக்கலாம் இல்லையா?

கொளத்தூர் அப்பா
எதிர் டீமும் அதே வழக்கம் வெச்சிருந்தாத்தானே நியாயம்?

பெரம்பூர் பி.டி. ஆசிரியர்
அதைப் பசங்களே முடிவு பண்ணட்டும். எச்சரிக்கைன்னு முடிவானா, டாஸ் போடறதுக்கு முன்னாடி கேப்டன் எதிர் கேப்டன்கிட்ட நேரா சொல்லிடணும். சொல்லாம வெச்சுக்கிட்டா, எச்சரிக்காத டீம் ஏமாத்துறதா அடுத்த சண்டை அதுலயே கிளம்பும்.