அரக்குச் சேலையை மஞ்சளாக்கினால் ஜரிகை பச்சையாகிறது, உதவுங்கள்

வணக்கம். என் பூட்டிக் படங்களைத் திருத்தித் தரும் தம்பிக்கு இப்படி எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

“தம்பி, அரக்குச் சேலையை நம் கடையின் கடுகு மஞ்சளுக்கு, அதாவது #D9A520-க்கு, மாற்றியதில் ஜரிகை பச்சையாகிவிட்டது. Hue/Saturation முழுப் படத்துக்கும் போட்டதால் வந்தது. முதலில் ஜரிகை, முகம், கை எல்லாவற்றையும் மாஸ்க் போட்டு விலக்கிவிடுங்கள். அப்புறம், அரக்கு இருண்ட நிறம். சாயலை மட்டும் திருப்பினால் பழுப்புதான் வரும். Curves-இல் வெளிச்சத்தையும் ஏற்றுங்கள். நிறத்தை மடிப்பின் நிழலில் ஒப்பிடாதீர்கள், வெளிச்சம் சீராக விழும் இடத்தில் பாருங்கள். இந்த மஞ்சளில் நெய்து வந்த சேலைக்கு மட்டும்தான் இதெல்லாம். கையில் இல்லாத நிறத்தைக் காட்டினால் சேலை திரும்பி வந்துவிடும்.”

ஒரே சந்தேகம்: வெளிச்சத்தை ஏற்றும்போது பட்டின் பளபளப்பு வெளிறிப்போகிறது. அதை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது?