சோற்றுக் கஞ்சி கையில் கொட்டினால்: சேலத்து மதிய வெயிலில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

கன்னங்குறிச்சிக்காரி

சித்திரை மாதம், மதியம் ஒரு மணி. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் எங்கள் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது புறங்கையிலும் விரல்களிலும் கொட்டிவிட்டது. கஞ்சி தண்ணீர் மாதிரி ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். உடனே சிங்க் குழாயைத் திறந்துவிட்டேன். கையை நீட்டியவள் "ஐயோ அண்ணி, இது இன்னும் சுடுது" என்று இழுத்துக்கொண்டாள். சின்டெக்ஸ் மொட்டை மாடியில் இருக்கிறது, குழாயும் வெயிலில்தான் இறங்கி வருகிறது. நம் ஊரில் அந்த நேரத்துக்கு எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

அத்தை மண்பானையிலிருந்து சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றும்போது எரிச்சல் அடங்கும், நிறுத்தினால் அடுத்த நொடி திரும்பி வரும். பானை காலியானதும் பக்கத்து வீட்டுப் பானையும் வந்தது.

அதெல்லாம் சரி. என் கண்ணை விட்டுப் போகாதது அவள் மோதிரம்தான். தண்ணீர் ஊற்றும் அவசரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் போய்விட்டது. சோப்பு போட்டும் வரவில்லை. கடைசியில் நகைப் பட்டறைக்குத்தான் போனோம். ஆசாரி மோதிரத்துக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி அறுத்தார். அப்போது விரல் நுனி நீலம் பாரித்திருந்தது. அவள் கத்தவே இல்லை, என் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள்.

உங்கள் வீடுகளில் குழாய்த் தண்ணீர் சுடும் நேரத்தில் என்ன செய்தீர்கள்?

ஏற்காட்டு எஸ்டேட் வீடு

எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மார்கழிக் காலையில் இங்கே குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். என் அக்கா மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. டீப்பாய் மேலிருந்த டீ டம்ளரை இழுத்துவிட்டான். தாடையிலிருந்து நெஞ்சு வரை கொட்டிவிட்டது. ஆற வைத்த டீதான் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் குடிக்கிற சூடே குழந்தைத் தோலுக்கு அதிகம். ஊற்றிக் கால் மணி நேரம் ஆன டீகூடச் சுடும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஸ்வெட்டரைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாட்டி "போதும், குழந்தை விறைக்குது" என்கிறார், மாமா "இன்னும் ஊற்று" என்கிறார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த அம்மாதான் வந்து, நெஞ்சை மட்டும் விட்டுவிட்டு இடுப்பு, கால், முதுகு எல்லாவற்றையும் கம்பளியால் சுற்றச் சொன்னார். பச்சைத் தண்ணீரோடு வெந்நீர் கலந்து, வெறும் குளிர்ச்சியாக மட்டும் இருக்கிற பதத்தில் ஊற்றச் சொன்னார். அப்புறம் வெள்ளை வேட்டித் துணியைப் புண் மேல் தளர்வாகப் போட்டுக் கீழே கொண்டுபோனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் அவன் அழுதுகொண்டேதான் வந்தான். அழுகிற வரை பயமில்லை, துவண்டு போனால்தான் பயம் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து ரோடு மாஸ்டர்

ஹோட்டல் அடுப்படியில் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. எண்ணெய் தெறிக்காத நாள் கிடையாது. கன்னங்குறிச்சி அக்கா, பானைத் தண்ணீருக்காக அலைந்திருக்க வேண்டாம். ஃப்ரீசரில் ஐஸ் இருந்திருக்குமே, ஒரு துண்டை எடுத்து அழுத்தி வைத்தால் எரிச்சல் நொடியில் போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அது முடிந்ததும் தேங்காய் எண்ணெய்.

கொப்பளத்தை மட்டும் உடைக்கக் கூடாது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பரோட்டா போடுகிற பையன் ஒருவன் ஊக்கால் குத்திவிட்டு அதே கையால் மாவு பிசைந்தான். மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை சிவந்து, காய்ச்சல் வந்து, ஊசி போட்டுக்கொண்டு கிடந்தான். தோல் மூடியிருக்கிற வரை அது ஆண்டவன் போட்ட கட்டு.

ஓய்வு பெற்ற செவிலியர், சூரமங்கலம்

தீக்காய வார்டில் வருடக்கணக்கில் நின்றவள் நான். மாஸ்டர் தம்பி சொன்னதில் கொப்பளம் பற்றியது முழுக்கச் சரி. ஐஸ் விஷயத்தில் மட்டும் தம்பியோடு சண்டை போடத்தான் வந்தேன்.

ஐஸ் வைத்ததும் எரிச்சல் போவது உண்மைதான், அந்த இடம் மரத்துப்போகிறது. கூடவே அங்கே இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுகின்றன. சுட்ட தோலுக்கு அடியில் பிழைப்பதா சாவதா என்ற நிலையில் ஒரு அடுக்கு இருக்கும். அதற்கு ரத்தம் வேண்டும். ஐஸ் அதைத் தடுத்துவிடுகிறது. மேலோடு போக வேண்டிய காயம் ஆழமாகிறது. எண்ணெய் போட்டால் உள்ளே இருக்கிற சூடு வெளியே வர வழியில்லாமல் போகும். பற்பசை, மஞ்சள், இங்க், இட்லி மாவு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். டாக்டர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனை தனி.

கன்னங்குறிச்சி அம்மா, உங்கள் அத்தை செய்ததுதான் சரி. 20 நிமிடம், குளிர்ந்த தண்ணீர். சூடு பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு, அதனால் "நேரமாயிற்று, இனி எதற்கு" என்று விட்டுவிட வேண்டாம். கோடையில் குழாயைத் திறந்ததும் முதலில் நல்ல கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் பானை, கிணறு, நிழலில் இருக்கும் டிரம் என்று எதிலிருந்தாவது எடுங்கள். குடம் குடமாகக் கொட்ட வேண்டாம், மெல்லிய தாரையாக ஊற்றினால் ஒரு பக்கெட்டே நெடுநேரம் வரும். அதுவும் இல்லையென்றால் பேசினில் கையை அமிழ்த்தி, வெதுவெதுப்பானதும் தண்ணீரை மாற்றுங்கள். ஒருவர் ஊற்றும்போதே இன்னொருவர் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்ற வேண்டும். முதல் சில நிமிடங்களில் சுலபமாக வந்துவிடும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல் விடுங்கள்.

அப்புறம் சுத்தமான, பஞ்சு உதிராத துணியை மேலே தளர்வாகப் போட்டால் போதும். வலிக்கு பாராசிட்டமால். கொப்பளம் தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, தொங்கும் தோலைப் பிய்க்காமல், மருந்துக் கடையில் கிடைக்கும் பாரஃபின் வலைத்துணியை வைத்துக் கட்டுங்கள். வெறும் பஞ்சை வைத்தால் புண்ணோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதுத் தோலையும் சேர்த்து உரித்துவிடும்.

வலியை வைத்து மட்டும் அளக்காதீர்கள். சிவந்து, ஈரமாக, தொட்டாலே துடிக்கிற காயம் பெரும்பாலும் மேலோட்டமானது, இரண்டு வாரத்தில் ஆறிவிடும். வெளுத்தோ மெழுகு போலவோ இருந்து, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் அதுதான் ஆழம். சர்க்கரை நோயாளி ஒருவர் காலில் வெந்நீர் கொட்டி, "வலியே இல்லம்மா" என்று நாலாம் நாள் செருப்போடு நடந்து வந்தார். செருப்பைக் கழற்றினால் பாதத்தின் அடிப்புறம் சுண்ணாம்பு வெளுப்பு. அந்தப் பாதத்தை நான் மறக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை

எங்கள் பட்டறையில் கொலுசு அலசும்போது ஆசிட் கையில் படும். அதுவும் சுட்ட புண்தானே? நாங்கள் சோடா உப்பு போடுகிறோம், எரிச்சல் இருக்கிறது. இதற்கும் 20 நிமிடம்தானா? யாரும் இதைப் பற்றிப் பேசவில்லையே.

ஓய்வு பெற்ற செவிலியர், சூரமங்கலம்

இது அடுப்படி சமாச்சாரம் இல்லை தம்பி. சோடா உப்பைத் தூவினால் ஆசிட்டோடு சேர்ந்து அதுவே சூடு கிளப்பும். ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருங்கள், 20 நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள். காயம் சின்னதாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசிட் பாட்டிலின் லேபிளையும் கொண்டுபோங்கள்.

ஐந்து ரோடு மாஸ்டர்

அம்மா, ஐஸ் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரஷ் நேரத்தில் எந்த முதலாளி 20 நிமிடம் குழாயடியில் நிற்க விடுவார்? இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதற்கு வழி சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சிக்காரி

கொப்பளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் அவள் புறங்கையில் ஒரே பெரிய கொப்பளம், விரல் மூட்டுகளுக்கு மேலேயே. விரலை மடக்க முடியவில்லை. நாங்கள் பார்த்த டாக்டர் கிருமி நீக்கிய ஊசியால் நீரை வடித்து, தோலை அப்படியே மேலே படிய விட்டுக் கட்டுப் போட்டார். விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். நீங்கள் எல்லாரும் தொடவே கூடாது என்கிறீர்கள். அவர் செய்தது தவறா?

ஓய்வு பெற்ற செவிலியர், சூரமங்கலம்

தவறில்லை. வீட்டில் ஊக்கால் குத்துவது வேறு, அங்கே செய்தது வேறு. மூட்டு மேல் இருக்கிற பெரிய கொப்பளம் விரலை அசைய விடாது, அசையாத விரல் விறைத்துப்போகும். சில டாக்டர்கள் நீரை மட்டும் வடிப்பார்கள், சிலர் செத்த தோலை முழுவதும் எடுத்துவிட்டு அடியில் ஆழம் பார்ப்பார்கள், சிலர் சின்னதை அப்படியே விடுவார்கள். எங்கள் வார்டிலேயே டாக்டர்களுக்குள் இதில் ஒத்த கருத்து இருந்ததில்லை.

மாஸ்டர் தம்பி, முதலாளி விடும் நேரம் வரை நில்லுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி வைத்து மீதியை முடியுங்கள், மூன்று மணி நேரக் கணக்கு அதற்குத்தான். முழுதாகச் செய்ததற்கு ஈடாகாது, ஆனாலும் செய்யுங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட் வீடு

ஒரு சந்தேகம். மலையிலிருந்து இறங்க நேரமாகும். எந்தக் காயத்துக்கு இறங்கியே ஆக வேண்டும், எதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்?

ஓய்வு பெற்ற செவிலியர், சூரமங்கலம்

காயம் பட்டவருடைய உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து அந்தக் காயத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அது உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய காயம் என்றால் இறங்குங்கள். முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு, அல்லது கையையோ காலையோ சுற்றி வளையமாகப் பட்டிருந்தால் அளவைப் பார்க்காமல் இறங்குங்கள். கரண்டில் சுட்டதும் அப்படியே. சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரைக்காரர் என்றால் சிறியதையும் காட்டிவிடுங்கள். குழந்தை துவண்டாலோ மூச்சுத் திணறினாலோ 108.

வீட்டில் வைத்துப் பார்க்கும் காயமும் இரண்டு நாள் கழித்து வலி குறையாமல் கூடினால், சுற்றிச் சிவப்பு பரவினால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், யோசித்து வையுங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட் வீடு

அக்கா மகனுக்கு நெஞ்சில் தழும்பு இல்லை. தாடைக்குக் கீழே மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் தடித்திருக்கிறது. அந்த இடம் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வளர வளர இழுக்குமா என்று பார்க்க வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்படித் தடித்த தழும்பு குழந்தைகளுக்குத் தானாக அடங்குமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.