சூம் அறிக்கையை வைத்து வரவு பதிதல்: எத்தனை நிமிடம் இருந்தால் வந்ததாகக் கொள்வது?

வெள்ளவத்தை விரிவுரையாளர்
எனது இணையவழி விரிவுரை காலை 8.00 முதல் 9.30 வரை நடைபெறுகிறது. கூட்ட அறிக்கையிலிருந்து வரவைப் பதியுமாறு பீடத்தில் கூறிவிட்டார்கள். குறைந்தது எத்தனை நிமிடம் இருந்தவரை வந்தவராகக் கணக்கிடுவது நியாயம்?

தெஹிவளை
இதில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. அறிக்கையில் `Show unique users` என்பதைத் தெரிவுசெய்தால், அறுந்து அறுந்து இணைந்தவர்களின் நேரம் கூட்டப்பட்டு ஒரே வரியில் வந்துவிடும். 60 நிமிடத்துக்கு மேல் இருப்பவர் வந்தவர், மற்றவர் வராதவர்.

பதிவுப் பிரிவில் இருந்தவன்
தெஹிவளை அவர்கள் சொன்னது பாதி சரி. அந்தத் தெரிவு நேரத்தைக் கூட்டித் தருகிறது. ஆனால் `Join Time`, `Leave Time` ஆகிய இரண்டும் மறைந்துவிடுவதால், கூட்டப்பட்டது என்ன என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. ஒரு மாணவி 8.00 முதல் 8.40 வரை மடிக்கணினியிலும், 8.05 முதல் 8.50 வரை கைத்தொலைபேசியிலும் ஒரே கணக்கில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 40 உம் 45 உம் சேர்ந்து 85 நிமிடம். உண்மையில் அவர் வகுப்பில் இருந்தது 50 நிமிடம் மட்டுமே. இன்னொருவர் 7.52 இலிருந்து 8.31 வரை, 8.37 இலிருந்து 9.02 வரை, 9.05 இலிருந்து 9.34 வரை என மூன்று துண்டுகளாக இருந்தார். அறிக்கை 93 நிமிடம் என்கிறது, விரிவுரையே 90 நிமிடந்தான்! தொடக்கத்துக்கு முன்னும் முடிவுக்குப் பின்னும் உள்ளதை வெட்டினால் 81 வரும்.

ஆகவே விரிந்த அறிக்கையையே இறக்கி, தொடக்க நேரத்தை `H1` இலும் முடிவு நேரத்தை `H2` இலும், அறிக்கையில் உள்ளதுபோலத் திகதியுடன் இட்டு, ஒவ்வொரு வரிக்கும் இதைப் போடுங்கள்:

```
=MAX(0, MIN(D2,$H$2)-MAX(C2,$H$1))*1440
```

இங்கே `C` இணைந்த நேரம், `D` வெளியேறிய நேரம். ஒருவருடைய வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், இரண்டாவது வரியின் தொடக்கத்தை முதல் வரியின் முடிவுக்கு நகர்த்திய பின்பே கூட்ட வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தாய்
என் பிள்ளைகள் இருவரும் ஒரே டேப்லெட்டில் படித்தவர்கள். மகளின் வகுப்பில் மகனின் பெயர் தெரிந்ததால் அவளுக்கு ஒரு மாதம் முழுவதும் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். நிமிடத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன் பெயரைச் சரிபார்க்க மாட்டீர்களா?

பதிவுப் பிரிவில் இருந்தவன்
அம்மா, கேள்வி நிமிடத்தைப் பற்றியது என்றாலும், நீங்கள் சொல்வதே முதலில் செய்யவேண்டியது. கைத்தொலைபேசியின் மாதிரிப் பெயரோடு வருபவர்களும் உண்டு. பதிவிலக்கத்தைப் பெயருக்கு முன் எழுதச் சொல்லி, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்துக்குள் திருத்திவிட்டால் பாதித் தகராறு எழாது.

இரண்டாம் வருட மாணவன்
நிமிடக் கணக்கையே நான் ஏற்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, சமிக்ஞை தேடி மொட்டைமாடியில் நின்று விரிவுரை கேட்ட நான் 48 நிமிடத்தோடு வராதவன் ஆனேன். இணைத்துவிட்டு உறங்கியவர் 90 நிமிடத்தோடு வந்தவர் ஆனார். இடையிடையே மூன்று சிறு வினாக்களைக் கேட்டு, இரண்டுக்கு விடையளித்தவரை வந்தவராகக் கொள்வதே நேர்மை.

தெஹிவளை
இணைப்பு அறுந்தவர் அந்த வினாவையும் தவறவிடுவார் அல்லவா? உங்கள் முறை உங்களையே தண்டிக்கும்.

பதிவுப் பிரிவில் இருந்தவன்
உறங்கியவரை அறிக்கை காட்டாது என்பது உண்மை. ஆசிரியர் விடைபெற்ற பின்னும், கூட்டம் மூடப்படும் வினாடிவரை வாரந்தோறும் தங்கியிருப்பவர்மீது சந்தேகம் எழலாம். ஆனால் அது சான்று ஆகாது.

எல்லையைப் பொறுத்தவரை, எண்ணை முதலில் முடிவுசெய்யாமல் கடந்த நான்கு வாரத் தரவைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் 64 பேரில் 51 பேர் 75 நிமிடத்துக்கு மேலும், 8 பேர் 25 நிமிடத்துக்குக் கீழும் இருந்தார்கள். இடையில் இருந்தவர்கள் ஐவர் மட்டுமே. எல்லையை அந்த இடைவெளியில் வைத்தால், 50 என்றாலும் 60 என்றாலும் பெரும்பாலானோருக்கு எதுவும் மாறாது. அந்த ஐவரை மட்டும் அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்ற விதி உங்கள் பீடத்தில் இருந்தால், ஒவ்வொரு விரிவுரைக்கும் 90 சதவீத நேரம் என்று கேட்பது, மின்சாரம் அறுந்தவரை இருமுறை வடிகட்டுவதாகும்.

வெள்ளவத்தை விரிவுரையாளர்
இந்த வாரமே நான்கு வார அறிக்கைகளையும் அப்படி வெட்டிப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஐவரை அழைத்துக் கேட்பது எனக்கு உறுத்துகிறது. தயங்காமல் பேசத் தெரிந்தவருக்கு வரவு கிடைத்து, கூச்சமுள்ளவர் இழந்துவிடுவார்.

இரண்டாம் வருட மாணவன்
அந்தக் கூச்சமுள்ளவர்களுள் நானும் ஒருவன். வாய்மொழியாகக் கேட்காமல், இணைப்பு அறுந்த அன்றே ஒரு படிவத்தில் எழுதித்தர வழிசெய்யுங்கள்.