பிளாஷ் படங்களில் மட்டும் முகம் வெளிறுகிறது: சன்ஸ்கிரீனா, பவுடரா?

வெள்ளவத்தைவாசி:
பம்பலப்பிட்டியில் நடந்த என் தங்கையின் திருமண வரவேற்பில் பிளாஷ் போட்டு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும், கழுத்தும் கைகளும் என் மாநிறத்திலேயே இருக்க, முகம் மட்டும் சாம்பல் பூசியது போல வெளிறியிருக்கிறது. மண்டப வெளிச்சத்தில் எடுத்த படங்களிலும் கண்ணாடியிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. முதலில் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், அதன் மேல் பவுண்டேஷன், கடைசியாக நிறமற்ற வெள்ளைப் பவுடர் பூசியிருந்தேன். அடுத்த மாதம் இன்னொரு வரவேற்பு இருப்பதால், எதை மாற்ற வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

கமராக்காரன்:
எஸ்பிஎஃப் எண் கூடியதால்தான் இப்படி நடக்கிறது. 15க்கு மேற்படாததை வாங்குங்கள்.

ஒப்பனைமேசை:
கனிம வகையில் எண் கூடும்போது துகளும் பெரும்பாலும் கூடும் என்பதால், தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் பார்க்க வேண்டியது எண்ணையல்ல, குப்பியின் பின்புறத்தை. கனிம வகையில் சேர்க்கப்படும் சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் ஆகியவற்றின் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பவை. மண்டப விளக்குகள் பல பக்கமிருந்தும் வருவதால் அந்தச் சிதறல் கண்ணில் படுவதில்லை. பிளாஷோ லென்ஸுக்கு அருகிலிருந்தே பாய்வதால், சிதறிய ஒளியில் ஒரு பங்கு நேரே லென்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. அவோபென்சோன், ஒக்டினொக்சேட் போன்றவை மட்டும் உள்ள களிம்பு புற ஊதாக் கதிரை உறிஞ்சுமே தவிர, இப்படி வெண்மை காட்டாது. உங்கள் பவுடரில் சிலிக்கா இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு கன்னத்தில் சன்ஸ்கிரீனை மட்டும், மறு கன்னத்தில் பவுடரை மட்டும் பூசி, பதினைந்து நிமிடம் கழித்து, அறையை இருட்டாக்கி, கைபேசி பிளாஷால் படமெடுத்துப் பாருங்கள்.

தெஹிவளை:
எனக்கும் இதே தொல்லைதான். காலிமுகத்திடலில் நடக்கும்போது வியர்வையோடு வெள்ளைக் கோடுகளாக வழிகிறது.

ஒப்பனைமேசை:
அது வெறுங்கண்ணுக்கே தெரிகிறதல்லவா, தங்கச்சி? வியர்வையில் களிம்பு கரைந்து திரள்வது வேறு சிக்கல். வியர்வைக்குத் தாக்குப்பிடிக்கும் வகையைத் தேடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
சோதித்தேன், அக்கா. சன்ஸ்கிரீன் பூசிய கன்னம் முழுவதும் வெளிறியது. பவுடர் பக்கத்தில், கண்ணுக்குக் கீழே தடிப்பாகப் படிந்த இடம் மட்டும் வெண்மையாயிற்று. குப்பியில் டைட்டேனியம் டையொக்சைட், சிங்க் ஒக்சைட் இரண்டும் இருக்கின்றன. உறிஞ்சும் வகைகள் கண்ணோரத்தை எரிப்பதால்தான் இதற்கு மாறினேன்.

ஒப்பனைமேசை:
வரவேற்பு ஏழு மணிக்கென்றால், அதற்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் கொழும்பில் அந்நேரத்துக்குச் சன்ஸ்கிரீனே தேவையில்லை. பகலில் பூசியதைச் சுத்திகரிப்பு எண்ணெயால் முழுவதும் எடுத்துவிட்டு ஒப்பனையைத் தொடங்குங்கள். எஸ்பிஎஃப் குறித்த பவுண்டேஷனிலும் இதே துகள்கள் இருக்கலாம் என்பதால் அதையும் சோதியுங்கள். பவுடரை மூக்கிலும் நெற்றியிலும் மட்டும், மிக மெல்லியதாக இடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
நான்கரை மணிக்குக் கடற்கரையில் படமெடுத்துவிட்டு, முகம் கழுவ நேரமின்றி நேரே மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தால்?

ஒப்பனைமேசை:
அயன் ஒக்சைட் கலந்த, நிறமுள்ள கனிமக் களிம்பு வெண்மையைக் குறைக்கும். ஆனால் முற்றாக நீக்குமென்று உறுதி தரமாட்டேன். உங்கள் மாநிறத்துக்குப் பொருந்தும் சாயல் கிடைப்பதும் எளிதல்ல. வாங்குமுன் சிறு மாதிரி கேட்டு, இதே இருட்டறைச் சோதனையைச் செய்துவிட்டு இங்கே எழுதுங்கள்.