சந்தேகம்: இரண்டு நாள் வேலைநிறுத்தத்துக்கு ஆறு நாள் சம்பளம் பிடிப்பார்களா? (பிரான்ஸ், ஆசிரியர்)

ஈசூன் அண்ணன்
வணக்கம். என் தங்கை பாரிஸ் புறநகரில் அரசு நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியை, நிரந்தரப் பணி. போன மாதம் ஒரு வியாழக்கிழமையும் அடுத்த செவ்வாய்க்கிழமையும் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டாள். அந்தச் செவ்வாய்கூட முழு நாள் இல்லை, காலையில் இருந்த இரண்டு வகுப்புகளை மட்டும் எடுக்கவில்லை. நேற்று சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஆறு நாளுக்கென்று 618.33 யூரோ பிடித்திருக்கிறார்கள். வங்கிக்கு வந்ததில் 500 போலக் குறைவு. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. ராத்திரி போன் பண்ணி அழுதாள்.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டாள். நம் முறைப்படி, அந்த மாதத்தில் 21 வேலை நாள் என்று வைத்து, அவளுடைய மாதச் சம்பளமான 3,000-ஐ 21-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 286 போல வருகிறது. 618 எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்காங் மலர்
அண்ணே, எனக்கும் இதே கதைதான். துணைப்பாட நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை, எம்சி கொடுத்தும் சம்பளத்தைப் பிடித்தார்கள். டாடெமில் புகார் கொடுங்கள், கூப்பிட்டுப் பேசிவைப்பார்கள். வேலையில் இருக்கும்போதே என்றால் ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஈசூன் அண்ணன்
நன்றி மலர், ஆனால் தங்கை வேலை பார்ப்பது பிரான்ஸில். இங்கே புகார் செல்லாது. உங்கள் எம்சி விஷயத்தைக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள்.

துவாஸ் செல்வா
என் மச்சான் பிரான்ஸில் நகராட்சியில் வேலை செய்கிறார். அவர் ஒரு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தால் ஒரு மணி நேரச் சம்பளம்தான் போகும். அரசாங்க வேலை எல்லாவற்றுக்கும் அதே சட்டமாகத்தானே இருக்கும்? உங்கள் தங்கைக்குச் செவ்வாய்க்கிழமை அரை நாள்கூடப் பிடிக்கக்கூடாது, இரண்டு மணி நேரம்தான். முழுக்கத் தப்பு.

தோ பாயோ தாத்தா
தம்பி, நான் 30 வருடத்துக்கு மேல் பிரான்ஸில் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இப்போது மகளோடு இங்கே இருக்கிறேன். எங்கள் பள்ளிச் சங்கத்தில் இந்தக் கணக்கை நிறையப் பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

செல்வா சொல்வது நகராட்சி ஊழியருக்குச் சரி. ஆசிரியர் மத்திய அரசின் ஊழியர், அவருக்கு வேறு விதி. ஒரு மணி நேரம் வேலை செய்யாமல் இருந்தாலும் அந்த நாளுக்கு மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு போய்விடும், அதைத் துண்டாக்க முடியாது. 1982-இல் மணிக்கணக்குக்குத் தகுந்தபடி பிடிக்கலாம் என்று தளர்த்தினார்கள், 1987-இல் அரசு ஊழியருக்குப் பழையபடி ஆக்கிவிட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு முழுப் பங்கு போவதை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது ஆறு எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். அங்கே மாதம் எப்போதும் 30 நாள். பிப்ரவரியும் 30 நாள்தான், சனி ஞாயிறுக்கும் சம்பளம் ஓடுகிறது. ஒரு நாள் மட்டும் என்றால் இது ஆசிரியருக்கு லாபம், உங்கள் 21-க்குப் பதில் 30-ஆல் வகுக்கிறார்கள். ஆனால் 1978-இல் அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒமோன் என்பவரின் வழக்கில் ஒன்று சொல்லிவிட்டது. பணிக்கு வராத முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இடையில் உள்ள எல்லா நாளையும் எண்ண வேண்டும், அந்த நாட்களில் அவருக்கு வேலையே இல்லாவிட்டாலும். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். எண்ணிப் பாருங்கள், ஆறு.

ஆகவே கேள்வி இதுதான்: வெள்ளியும் திங்களும் தங்கை என்ன செய்தாள்? கால அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈசூன் அண்ணன்
ஐயா, மிக்க நன்றி. இப்போதுதான் பேசினேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு எப்போதுமே வகுப்பு கிடையாது. திங்கள்கிழமை 10 முதல் 12 வரை இரண்டு வகுப்பு எடுத்திருக்கிறாள். பள்ளியின் கணினிப் பதிவேட்டில் அவளே வருகை போட்டிருக்கிறாள், திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். வராத இரண்டு பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கிறது.

தோ பாயோ தாத்தா
அப்படியென்றால் பிடித்தது தவறு. திங்கள் பணி செய்ததுமே தொடர் அறுந்துவிட்டது. வியாழன் ஒன்று, செவ்வாய் ஒன்று, மொத்தம் இரண்டு பங்குதான். திங்களும் வகுப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஆறும் சரியாகியிருக்கும், நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. 618.33-ஐ ஐந்தால் பெருக்குங்கள், ஆறு பங்கு என்பது ஐந்தில் ஒன்றுதானே. சீட்டில் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம் எவ்வளவு?

ஈசூன் அண்ணன்
பெருக்கினால் 3,091.65. சீட்டில் மொத்தம் 3,091.67. அதில் 91.67 குடும்பப் படி என்று போட்டிருக்கிறது.

தோ பாயோ தாத்தா
நினைத்தேன். பிள்ளைகளுக்காகத் தரும் அந்தக் குடும்பப் படியில் கை வைக்கக்கூடாது. அடிப்படைச் சம்பளம், வீட்டு வசதிப் படி, மற்ற படிகள் எல்லாம் சேர்ந்து 3,000. அதில் முப்பதில் ஒன்று 100, இரண்டு நாளுக்கு 200. ஆக 418.33 கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். வங்கியில் குறைந்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சம்பளம் குறையும்போது ஓய்வூதியப் பிடித்தமும் சேர்ந்து குறையும், அந்த வழியில் போனால் பங்கு எத்தனை என்று தெரியவே தெரியாது.

கடிதம் கல்வி மாவட்டத் தலைமைக்கு, பள்ளி முதல்வர் வழியாகப் போகட்டும். கூடவே ஒரு நகலை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நேராகவும் அனுப்பச் சொல்லுங்கள். சட்ட வாதம் நீளமாக வேண்டாம். திங்கள் 10 முதல் 12 வரை எந்த வகுப்பு, எந்த அறை, பதிவேட்டின் படம், இரண்டு பங்குக்கான கணக்கு, குடும்பப் படியை நீக்கச் சொல்லி ஒரு வரி. போதும். சீட்டு கைக்கு வந்து இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். அவர்கள் இரண்டு மாதம் பதில் சொல்லாவிட்டால் மறுத்ததாகவே பொருள், அப்புறம் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக மறுபடி இரண்டு மாதம் இருக்கிறது. தேதியைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

துவாஸ் செல்வா
ஐயா, மச்சானை வைத்து எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம். வகுப்பே இல்லாத அந்த வெள்ளிக்கிழமை அவர் சும்மா பள்ளிக்குப் போய் உட்கார்ந்திருந்தால் தொடர் அறுந்திருக்குமா?

தோ பாயோ தாத்தா
எங்கள் சங்கத்திலேயே இதில் ஒரே கருத்து இல்லை, செல்வா. பெற்றோர் சந்திப்பு மாதிரி அட்டவணையில் உள்ள கடமைக்கு வந்தால் எண்ணிக்கொள்வார்கள் என்று சிலர். தானாக வந்து உட்கார்ந்தால் அது பணி ஆகாது என்று சிலர். நான் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொன்னது, வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் காலையிலேயே "பணிக்குத் திரும்பிவிட்டேன்" என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று. அந்தச் சீட்டு எனக்குச் சில தடவை உதவியது, ஒரு தடவை உதவவில்லை.

ஈசூன் அண்ணன்
கடிதத்தை இன்று காலை அனுப்பிவிட்டாள். முதல்வர் அலுவலகத்தில் உள்ள அம்மா பதிவேட்டைப் பார்த்துவிட்டு, திங்கள் வகுப்பு நடந்தது உண்மைதான் என்று ஒரு வரி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார். குடும்பப் படி பற்றி அவருக்கும் தெரியவில்லையாம், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன் ஐயா.

செங்காங் மலர்
அண்ணே, நானும் எம்சியை எடுத்துக்கொண்டு நாளைக்குப் போகிறேன்.